புரோஃபேஸ் 1: கயாஸ்மாவை எந்த நிலையில் எழுத வேண்டும்? பத்துக்கு நாலு மார்க்தான் கிடைத்தது

உசிலைப்பெண்

எல்லோருக்கும் வணக்கம். நான் விலங்கியல் இரண்டாம் ஆண்டு. இன்டெர்னல் தேர்வில் மியாசிஸ் செல் பிரிவின் புரோஃபேஸ் ஒன்றின் துணை நிலைகளை விவரிக்கச் சொல்லிப் பத்து மார்க் கேள்வி. ஐந்து பெயரையும் சரியான வரிசையில்தான் எழுதினேன், படமும் போட்டேன். நாலு மார்க் கிடைத்தது. பேப்பரில் சிவப்பு மையில் "வரிசை தவறு" என்று மட்டும் இருக்கிறது. எந்த வரிசை என்று கேட்க நேரம் தரவில்லை. என் விடையை அப்படியே போடுகிறேன், எங்கே தப்பு என்று சொல்லுங்கள். அடுத்த மாதம் செமஸ்டர்.

"லெப்டோட்டீனில் டிஎன்ஏ இரட்டித்து, குரோமோசோம்கள் நூல் போலத் தெரிகின்றன. சைகோட்டீனில் ஒத்த குரோமோசோம்கள் ஜோடி சேர்கின்றன. பாக்கிட்டீனில் சினாப்டோனீமல் காம்ப்ளெக்ஸ் உருவாகிறது. பிறகு கயாஸ்மா தோன்றி, அதன் வழியாகக் குறுக்கேற்றம் நடக்கிறது. டிப்ளோட்டீனில் ஜோடிகள் பிரிந்துவிடுகின்றன. டயாகைனசிஸில் கயாஸ்மா முனைக்கு நகர்கிறது."

திருமங்கலம் டியூஷன்

தங்கச்சி, பெயர் வரிசை சரிதான். காம்ப்ளெக்ஸை சைகோட்டீனுக்கு மாற்றிவிடு, ஒரு மார்க் அங்கேதான் போயிருக்கும். கயாஸ்மாவைப் பாக்கிட்டீனில் எழுதியது தப்பில்லை. குறுக்கேற்றம் அங்கேதானே நடக்கிறது, இரண்டும் ஒன்றுதான். நான் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன். அப்புறம், சினாப்டோனீமல் காம்ப்ளெக்ஸ்தான் ஜோடியை அனாஃபேஸ் வரைக்கும் பிடித்து வைத்திருக்கிறது என்று ஒரு வரி சேர்த்துக்கொள். மார்க் கூடும்.

நாகமலை வாத்தியார்

அந்த வரியைச் சேர்க்காதே அம்மா. இருக்கிற நாலும் குறையும்.

முப்பது வருஷத்துக்கு மேல் செல் உயிரியல் பாடம் எடுத்தவன் நான். இந்தக் கேள்வியில் மார்க் போவது பெரும்பாலும் ஐந்து பெயர்களில் இல்லை, ஒவ்வொரு பெயருக்குள்ளும் எது எதற்கு முன்னால் என்பதில்தான். உன் விடையில் நாலு இடத்தில் அது புரண்டிருக்கிறது.

முதல் இடம் லெப்டோட்டீன். டிஎன்ஏ இரட்டித்தல் அதற்கு முன்பே, எஸ் கட்டத்திலேயே முடிந்துவிட்டது. லெப்டோட்டீனில் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் ஏற்கெனவே இரண்டு குரோமாட்டிட்கள் உண்டு. இரண்டும் ஒட்டியிருப்பதால் மைக்ரோஸ்கோப்பில் ஒற்றை நூலாகத் தெரியும். "இரட்டித்து" என்ற ஒரு சொல்லே உன் மார்க்கைக் குறைத்திருக்கும்.

இரண்டாவது, டியூஷன் சார் சொன்னதுதான், அது சரி. காம்ப்ளெக்ஸ் சைகோட்டீனில் உருவாகத் தொடங்கி, பாக்கிட்டீனில் முழு நீளத்துக்கும் நிறைந்து நிற்கும், டிப்ளோட்டீனில் கலையும். இன்னும் நுணுக்கமாகச் சொன்னால், லெப்டோட்டீனிலேயே ஒவ்வொரு குரோமோசோமும் தனக்கென ஒரு புரத அச்சைக் கட்டிக்கொள்கிறது. சைகோட்டீனில் இரண்டு அச்சுகள் அருகருகே வந்து, நடுவில் குறுக்குப் புரத இழைகள் சேர்ந்ததும், அந்த அச்சுகளே காம்ப்ளெக்ஸின் இரண்டு பக்கச் சட்டங்களாகிவிடுகின்றன. ஏணியை நினைத்துக்கொள். பக்கக் கம்புகள் முதலில் வருகின்றன, குறுக்குப் படிகள் அடுத்து.

மூன்றாவதுதான் பெரிய தப்பு. கயாஸ்மா வழியாகக் குறுக்கேற்றம் நடப்பதில்லை. குறுக்கேற்றம் நடந்து முடிந்த இடம்தான் பிறகு கயாஸ்மாவாகத் தெரிகிறது. நீ விளைவைக் காரணமாக எழுதிவிட்டாய். 1909-இல் செல் ஆய்வாளர் யான்சென்ஸ் சொன்னதும் இதைத்தான். குரோமாட்டிட்கள் முதலில் ஒன்றின் மேல் ஒன்று சும்மா மடிந்து கிடக்கும், அங்கே அறுந்து மாறுவது பிறகு என்று வெகுகாலம் எதிர்வாதமும் இருந்தது. இன்று அந்த எதிர்வாதம் நிற்கவில்லை. பாக்கிட்டீனில் நான்கு குரோமாட்டிட்களும் காம்ப்ளெக்ஸால் நெருக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும்போது துண்டு மாற்றம் முடிகிறது. அப்போது உன் கண்ணுக்கு எதுவும் தெரியாது. காம்ப்ளெக்ஸ் கலைந்து, ஜோடி விலகத் தொடங்கும்போதுதான் மாறிய இடங்கள் விலக முடியாமல் எக்ஸ் வடிவில் நிற்கும். அதனால் கயாஸ்மா என்ற சொல் உன் பேனாவில் முதன்முதலாக வர வேண்டிய இடம் டிப்ளோட்டீன்.

நான்காவது, டிப்ளோட்டீனில் ஜோடிகள் "பிரிந்துவிடுகின்றன" என்று எழுதியது. பிரிந்தே விட்டால் டயாகைனசிஸில் நகர கயாஸ்மா ஏது? விலகப் பார்க்கின்றன, ஆனால் கயாஸ்மா உள்ள இடங்களில் மாட்டிக்கொண்டு நிற்கின்றன என்று எழுது.

திருமங்கலம் டியூஷன்

ஐயா, மூன்றாவதை ஒப்புக்கொள்கிறேன், என் நோட்ஸையும் திருத்துகிறேன். ஆனால் காம்ப்ளெக்ஸ் பிடித்து வைக்கவில்லை என்றால் மெட்டாஃபேஸ் வரை ஜோடியைப் பிடித்திருப்பது எது? கயாஸ்மா என்றால், அது வெறும் துண்டு மாற்றம்தானே. அறுந்து ஒட்டிவிட்டது, முடிந்தது. அது எப்படி ஒரு முடிச்சு மாதிரி பிடிக்கும்?

நாகமலை வாத்தியார்

நல்ல கேள்வி. பெரும்பாலான நோட்ஸில் இதற்குப் பதில் இருக்காது.

கயாஸ்மா மட்டும் இருந்தால் பிடிக்காது. சகோதரிக் குரோமாட்டிட்கள் இரண்டும் நீளம் முழுக்க கொஹீசின் என்ற புரதத்தால் ஒட்டியிருக்கின்றன. இப்போது அம்மாவிடமிருந்து வந்த குரோமோசோமின் ஒரு குரோமாட்டிட்டும், அப்பாவிடமிருந்து வந்ததன் ஒரு குரோமாட்டிட்டும் நடுவழியில் வால் மாற்றிக்கொண்டன என்று வை. அந்த இடத்தைத் தாண்டியுள்ள அம்மா பக்க வால் ஒன்று இப்போது அப்பா பக்க சென்ட்ரோமியரோடு சேர்ந்துவிட்டது. ஆனால் அந்த வால் இன்னும் தன் பழைய சகோதரியோடு ஒட்டியே இருக்கிறது, அந்தச் சகோதரியோ அம்மா பக்க சென்ட்ரோமியரில் இருக்கிறாள். இரண்டு சென்ட்ரோமியரும் எதிரெதிரே இழுபடும்போது, கயாஸ்மாவுக்கு அப்பால் உள்ள அந்த ஒட்டுதல்தான் இரண்டையும் விடாமல் பிடிக்கிறது. அனாஃபேஸ் ஒன்றில் கைகளிலுள்ள கொஹீசின் வெட்டப்பட்ட உடனே பிடி விட்டுப்போகும்.

இரண்டு பென்சிலால் வரைந்து பார், அம்மாவுக்கு சிவப்பு, அப்பாவுக்கு நீலம். ஒரு தடவை கையால் வரைந்தால் மறக்காது.

உன் வாதம் முழுத் தப்பும் இல்லை தம்பி. பெண் பட்டுப்புழுவில் குறுக்கேற்றமே கிடையாது, எனவே கயாஸ்மாவும் இல்லை. அங்கே காம்ப்ளெக்ஸ் வழக்கம்போல் கலையாமல், உருமாறி மெட்டாஃபேஸ் ஒன்று வரை நின்று ஜோடியைப் பிடிக்கிறது. நீ சொன்னது பெண் பட்டுப்பூச்சிக்குப் பொருந்தும், பொது விடையில் எழுதக் கூடாது.

மேலூர் அம்மா

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், எனக்குப் பரீட்சை இல்லை. எனக்கு 39 வயது, இரண்டாவது குழந்தை வேண்டும் என்று மதுரையில் ஒரு டாக்டரிடம் போனோம். வயதான கருமுட்டை டிப்ளோட்டீனில் நின்றுபோயிருக்கும் என்றார். நின்றுபோயிருக்கிறது என்றால் கெட்டுவிட்டது என்று அர்த்தமா? இரண்டு வாரமாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த இழையில் அதே சொல் வந்ததால் கேட்கிறேன்.

நாகமலை வாத்தியார்

அம்மா, கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. எல்லாப் பெண்களுக்கும் கருமுட்டைகள் அப்படித்தான் இருக்கும், இருபது வயதுப் பெண்ணுக்கும் அப்படித்தான். நீங்கள் உங்கள் அம்மா வயிற்றில் இருந்தபோதே உங்கள் கருமுட்டைகள் டிப்ளோட்டீன் வரை வந்து நின்றுவிட்டன. ஒரு முட்டை வெளிவரும் மாதத்தில்தான் அது மேற்கொண்டு நகரும். அந்த ஓய்வு இயற்கையானது.

வயது எங்கே வருகிறது என்றால், மேலே நான் சொன்ன கொஹீசின் ஒட்டுதலில். அது கருப்பைக் காலத்தில் போட்ட ஒட்டு, முப்பது நாற்பது வருஷம் தாங்க வேண்டும். வயதாக ஆக அது தளர்வதால்தான் சில முட்டைகளில் ஜோடி சரியாகப் பிரியாமல் போகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அது ஒரு முக்கியக் காரணம், ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன். டவுன் சிண்ட்ரோம் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 40 வயதில் ஏறத்தாழ 100-இல் ஒன்று என்று சொல்வார்கள். அதாவது நூறில் தொண்ணூற்றொன்பதுக்கு அது இல்லை. உங்களுக்கு என்ன பரிசோதனை வேண்டும் என்பதை உங்கள் டாக்டரிடம், முடிந்தால் மரபியல் ஆலோசகரிடம் நேராகக் கேளுங்கள். நான் பாடம் எடுத்தவன்தான், வைத்தியன் இல்லை.

மேலூர் அம்மா

ரொம்ப நன்றி ஐயா. எல்லோருக்கும் அப்படித்தான் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் காட்டுகிறேன்.

ஒத்தக்கடை மாணவன்

வேளாண்மை, பயிர் இனப்பெருக்கம் முதுகலை. ஐயா சொன்னதில் இரண்டு இடத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

ஒன்று, குறுக்கேற்றம் பாக்கிட்டீனில் "நடக்கிறது" என்பது. தொடக்கம் அங்கே இல்லை. ஸ்போ11 என்ற நொதி டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் வெட்டுவது லெப்டோட்டீனிலேயே. ஈஸ்ட்டில் 1997-இல் இது நிறுவப்பட்டது. ஈஸ்ட்டிலும் எலியிலும் அந்த வெட்டு இல்லாவிட்டால் ஜோடி சேர்தலே ஒழுங்காக நடப்பதில்லை. அதாவது மறுசேர்க்கை முதலில் தொடங்குகிறது, காம்ப்ளெக்ஸ் அடுத்து வருகிறது. ஜோடி சேர்ந்த பிறகுதான் எல்லாம் தொடங்குகிறது என்று பாடத்தில் படிப்பது தலைகீழ்.

இரண்டு, கயாஸ்மா முனைக்கு நகர்கிறது என்பது. 1978-இல் வெட்டுக்கிளியில் சகோதரிக் குரோமாட்டிட்களுக்கு வேறு வேறு அடர்த்தியில் சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். துண்டு மாறிய இடமும் கயாஸ்மா தெரியும் இடமும் ஒன்றாகவே இருந்தன. நகர்ந்திருந்தால் இரண்டும் விலகியிருக்க வேண்டுமே. டயாகைனசிஸில் குரோமோசோம் சுருங்குவதால் நகர்ந்தது போலத் தோன்றுகிறது, அவ்வளவுதான். இல்லாத ஒன்றை எதற்கு எழுதச் சொல்கிறீர்கள்?

நாகமலை வாத்தியார்

தம்பி, முதலாவதில் நீ சொல்வது சரி, நான் "முடிகிறது" என்று எழுதியதே அதற்காகத்தான். இருந்தாலும் "ஜோடி சேர வெட்டு வேண்டும்" என்பதை எல்லா உயிருக்கும் நீட்டாதே. பழ ஈ பெண்ணில் அந்த வெட்டு இல்லாமலேயே காம்ப்ளெக்ஸ் உருவாகிறது. விடையில் லெப்டோட்டீன் பத்தியின் கடைசியில் "மறுசேர்க்கைக்கான டிஎன்ஏ முறிவுகள் இங்கேயே தொடங்குகின்றன" என்று ஒரே வரி போதும்.

இரண்டாவதில் நீ சொல்லும் சோதனையை நான் மறுக்கவில்லை. ஆனால் பாடப்புத்தகம் டயாகைனசிஸின் அடையாளமாகவே முனை நோக்கிய நகர்வைச் சொல்கிறது, திருத்துபவர் கையில் இருப்பதும் அந்தப் புத்தகம்தான். நான் மாணவர்களிடம், அதை எழுதிவிட்டு அதோடு நிறுத்தாமல் நியூக்ளியோலஸ் மறைவது, நியூக்ளியஸ் உறை கலைவது, கதிர்க்கோல் இழைகள் தயாராவது மூன்றையும் எழுதச் சொல்வேன். அந்த மூன்றிலும் சண்டை இல்லை.

ஒத்தக்கடை மாணவன்

மார்க்குக்காகத் தெரிந்தே தப்பை எழுதுவது எனக்கு ஒப்பவில்லை ஐயா. "முனை நோக்கி நகர்வதாகத் தோன்றும்" என்று எழுதினால் உண்மையும் கெடாது, மார்க்கும் போகாது.

நாகமலை வாத்தியார்

கண்டிப்பான கை ஒன்று அதற்கும் அரை மார்க் குறைக்கலாம். மீதியை எழுதுகிறவர் முடிவு செய்யட்டும்.

உசிலைப்பெண்

ஐயா, அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. சிவப்பு, நீலப் பென்சிலால் வரைந்தேன், கொஹீசின் விஷயம் புரிந்தது. இன்னொரு சந்தேகம். எங்கள் பிராக்டிகலில் எருக்கு வெட்டுக்கிளியின் விந்தகத்தை எடுத்து அசிட்டோகார்மைனில் ஸ்குவாஷ் செய்தோம். காலேஜுக்குப் பின்னால் எருக்கஞ்செடி நிறைய, பூச்சிக்குப் பஞ்சமே இல்லை. ஒரு செல்லில் எல்லாம் நன்றாகப் பரந்து கிடந்தது, டிப்ளோட்டீன் என்று நினைக்கிறேன். எண்ணினால் பத்து இருக்கிறது. ஆண் பூச்சிக்கு 2n = 19 என்று போர்டில் எழுதியிருந்தார்கள். பாதி ஒன்பதரைதானே வரும், எப்படிப் பத்து? ரெக்கார்டில் படம் போட்டபோது ஏணி மாதிரி காம்ப்ளெக்ஸும் வரைந்தேன், அதை அடித்துவிட்டார்கள்.

நாகமலை வாத்தியார்

ஏணியை அடித்தது நியாயம். அந்த இரண்டு பக்கச் சட்டங்களுக்கும் இடையே ஏறத்தாழ 100 நானோமீட்டர்தான். சாதாரண ஒளி மைக்ரோஸ்கோப்பால் ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் குறைவான இடைவெளியைப் பிரித்துக் காட்ட முடியாது. அதனால்தான் குரோமோசோம்களைப் பல பத்தாண்டுகள் பார்த்திருந்தும், எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வந்த பிறகே, 1956-இல் மோசஸ் கிரேஃபிஷ் என்ற நன்னீர் ஓட்டுடலியிலும், ஃபாசெட் வேறு விலங்குகளிலும் அதைக் கண்டார்கள். தியரி விடையில் காம்ப்ளெக்ஸைத் தனிப் படமாகப் போடு. ஸ்லைடு படத்தில் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் போடு.

பத்து எப்படி என்றால், உன் பூச்சியில் ஆணுக்கு ஒரே ஒரு எக்ஸ் குரோமோசோம்தான், ஒய் கிடையாது. 18 குரோமோசோம்கள் ஒன்பது ஜோடியாகும், மீந்த எக்ஸ் தனியாக நிற்கும். அந்தப் பத்தில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அடர்த்தியாக, கயாஸ்மா இல்லாமல் இருக்கிறதா பார். அதுதான் எக்ஸ். லெப்டோட்டீனிலிருந்தே அது கருத்த கட்டியாகத் தெரியும். பலர் அதை நியூக்ளியோலஸ் என்று குறித்து மார்க் விடுவார்கள்.

அந்த ஸ்லைடிலேயே இன்னொன்றும் செய்யலாம். வெட்டுக்கிளி விந்தகக் குழலின் மூடிய நுனியில் இளம் செல்கள், அங்கிருந்து கீழே வர வர முதிர்ந்தவை, அடியில் விந்தணுக்கள். ஒரே பையில் உள்ள செல்கள் ஒரே நிலையில் இருக்கும். குழலை நசுக்கும் முன் நுனிப் பாதியைத் தனியாக, அடிப் பாதியைத் தனியாக வெட்டி இரண்டு ஸ்லைடு போடு. நுனிப் பாதியில் மெல்லிய நூல்கள், அப்புறம் பாக்கிட்டீனின் தடித்த நூல்கள் கிடைக்கும். தடித்த ஒவ்வொரு நூலும் ஒரு ஜோடி, இரண்டு குரோமோசோமும் அவ்வளவு ஒட்டிக்கிடக்கும், அதனால் எண்ணிக்கை பாதியாகத் தெரியும். நீ விடையில் எழுதும் வரிசை அங்கே கண்ணெதிரே அடுக்கியிருக்கும்.

உசிலைப்பெண்

இன்று லேபில் அனுமதி கேட்டு மறுபடியும் பார்த்தேன். பத்தில் ஒன்று நன்றாகக் கருத்திருக்கிறது, தனியாக, குச்சி மாதிரி. மற்ற ஒன்பதில் ஆறு சிலுவை மாதிரி அல்லது நீண்ட குச்சி மாதிரி, ஒவ்வொன்றிலும் ஒரு கயாஸ்மா என்று எடுத்துக்கொண்டேன். மூன்று வளையம் மாதிரி, இரண்டிரண்டு. மொத்தம் பன்னிரண்டு. சரியா?

ஒத்தக்கடை மாணவன்

ஆறும் ஆறும் பன்னிரண்டு, கணக்கு சரி தங்கச்சி. அதிலிருந்து இன்னொன்றும் வரும். ஒரு கயாஸ்மாவில் நாலு குரோமாட்டிட்டில் இரண்டுதான் மாறுகின்றன, பாதி. அதனால் மரபு வரைபடத்தில் ஒரு கயாஸ்மாவுக்கு 50 சென்டிமார்கன் என்று எடுப்பார்கள். உன் செல் சொல்வது 600. ஒரே செல்லை வைத்து முடிவு செய்யக் கூடாது, குறைந்தது இருபது முப்பது செல்களை எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும். பயிர்களில் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

திருமங்கலம் டியூஷன்

ஒரு சந்தேகம் எனக்கும். ஒரு ஜோடிக்கு நாலு குரோமாட்டிட் தெரிவதை எந்த நிலையில் எழுதச் சொல்வது? ஒரு புத்தகத்தில் பாக்கிட்டீன், இன்னொன்றில் டிப்ளோட்டீன்.

நாகமலை வாத்தியார்

நாலும் இருப்பது லெப்டோட்டீனிலிருந்தே, தெளிவாகத் தெரிவதுதான் கேள்வி. பாடப்புத்தகத்தில் பாக்கிட்டீன் என்று இருந்தால் பள்ளி மாணவர்கள் அதையே எழுதட்டும். ஸ்லைடில் நான் பார்த்தவரை பிந்திய பாக்கிட்டீனுக்கு முன் நாலையும் எண்ணியதில்லை. பூச்சிக்குப் பூச்சி, சாயத்துக்குச் சாயம் மாறும். இதில் ஒரே பதில் கிடையாது.

உசிலைப்பெண்

விடையைத் திருத்தி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

"இரட்டித்தல் முடிந்த பிறகு தொடங்கும் லெப்டோட்டீனில் குரோமோசோம்கள் மெல்லிய ஒற்றை நூல்களாகத் தெரிகின்றன. ஒவ்வொன்றும் ஒரு புரத அச்சைப் பெறுகிறது, மறுசேர்க்கைக்கான டிஎன்ஏ முறிவுகள் தொடங்குகின்றன. சைகோட்டீனில் ஒத்த குரோமோசோம்கள் இணைகின்றன, அச்சுகளுக்கிடையே சினாப்டோனீமல் காம்ப்ளெக்ஸ் உருவாகத் தொடங்குகிறது. பாக்கிட்டீனில் காம்ப்ளெக்ஸ் முழு நீளமும் நிறைந்திருக்க, சகோதரிகள் அல்லாத குரோமாட்டிட்களுக்கிடையே குறுக்கேற்றம் முடிகிறது. டிப்ளோட்டீனில் காம்ப்ளெக்ஸ் கலைகிறது, ஒத்த குரோமோசோம்கள் விலகுகின்றன, குறுக்கேற்றம் நடந்த இடங்களில் மட்டும் கயாஸ்மாக்களால் இணைந்து நிற்கின்றன. டயாகைனசிஸில் குரோமோசோம்கள் மேலும் சுருங்குகின்றன, கயாஸ்மாக்கள் முனை நோக்கி நகர்வதாகத் தோன்றுகின்றன, நியூக்ளியோலஸ் மறைகிறது, நியூக்ளியஸ் உறை கலைகிறது."

நாகமலை வாத்தியார்

நன்றாக வந்திருக்கிறது அம்மா. கடைசியில் கதிர்க்கோல் இழைகளை விட்டுவிட்டாய், சேர்த்துக்கொள். "தோன்றுகின்றன" என்று ஒத்தக்கடைத் தம்பி பக்கம் சாய்ந்திருக்கிறாய், அது உன் முடிவு. டிப்ளோட்டீனுக்கு அருகில் ஒரு சிலுவையும் ஒரு வளையமும் படமாகப் போடு.

உசிலைப்பெண்

சேர்த்துவிட்டேன் ஐயா. ஆனால் அந்த ஒன்பதில் ஒரு ஜோடி இன்னும் குழப்புகிறது. முனையில் மட்டும் ஒட்டிக்கொண்டு, நீளமாக இழுத்த மாதிரி இருக்கிறது. அதை ஒன்று என்று எண்ணினேன். அங்கே கயாஸ்மா இருக்கிறதா, சும்மா முனைகள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா?

ஒத்தக்கடை மாணவன்

கவர்ஸ்லிப்பை அழுத்தும்போது இழுபட்டிருக்கலாம். ஒரே செல்லில் அதை வைத்துச் சொல்ல முடியாது. அதை எண்ணாமல் விட்டுவிட்டு, அதே ஸ்லைடில் இன்னும் ஐந்து செல் தேடு. ஒவ்வொன்றிலும் அதே அளவுள்ள ஜோடி எப்படி நிற்கிறது என்று குறித்துப் போடு, பார்க்கலாம்.